எஸ்.ஓ.பி: சொல்லும் அதன் ஐந்து பகுதிகளும்

எஸ்.ஓ.பி என்பது ஸ்டாண்டர்ட் ஆப்பரேட்டிங் புரொசீஜர் என்ற மூன்று சொற்களின் சுருக்கம். ஒரு வேலையை யார் செய்தாலும், எந்த ஷிஃப்டில் செய்தாலும், ஒரே விளைவு வரும்படி அதை எப்படிச் செய்வது என்று எழுதி வைத்த தாள், அவ்வளவுதான். முதல் சொல்லில் ஸ்டாண்டர்ட், ஸ்டாண்டிங் என்று இரண்டு வழக்கு உண்டு. அமெரிக்க ராணுவத்தில் ஸ்டாண்டிங் ஆப்பரேட்டிங் புரொசீஜர் என்றும் எழுதுவதுண்டு. மறு உத்தரவு வரும்வரை நிலைத்து நிற்கும் நடைமுறை என்று பொருள். ஸ்டாண்டர்ட் என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது, முதலில் போர்க்களத்தில் நட்டு வைக்கும் கொடியைக் குறித்தது, அப்புறம் அரசு நிர்ணயித்த எடைக்கும் அளவுக்கும் பெயராகி, அங்கிருந்துதான் தொழிற்சாலைக்குள் வந்தது. புரொசீஜர் லத்தீனில் முன்னே செல்வதைக் குறிக்கும் வினையில் பிறந்தது.

தமிழில் இதற்கு நிலையான வழிகாட்டு நெறிமுறை, நிலையான இயக்க நடைமுறை, செந்தரச் செயல்முறை என்றெல்லாம் எழுதுகிறார்கள். அரசு அறிவிப்புகளிலும் செய்தித்தாள்களிலும் முதலாவதுதான் அதிகம். ஆனால் உற்பத்தித் தளத்துக்கு அது பொருந்தவில்லை என்பது என் கருத்து. வழிகாட்டுதல் என்றால் முடிந்தால் பின்பற்று என்ற தொனி வந்துவிடுகிறது, நெறிமுறை என்றால் ஒழுக்கம் சார்ந்த வாசனை. செயல்முறை என்பதை ஏற்கெனவே பிராசஸ் என்பதற்கு வைத்துக்கொண்டோம். கையால் செய்யும் வேலையின் வரிசைக்குத் தமிழில் பள்ளிக்கூடத்திலிருந்தே பழகிய சொல் செய்முறை. அதனால் நிலையான செய்முறை என்று எழுதுங்கள், பேசும்போது எஸ்.ஓ.பி என்றே சொல்லுங்கள், யாருக்கும் குழப்பம் வராது.

சரி, பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது எப்படி இருக்கிறது? பல இடங்களில் இப்படி ஒரு பத்தி இருக்கும்: "இன்சர்ட் தேய்ந்ததும் மாற்றப்பட வேண்டும். ஆஃப்செட் சரிசெய்யப்பட்டு, முதல் பீஸ் ஆய்வு செய்யப்பட்டு, திருப்திகரமாக இருப்பின் உற்பத்தி தொடரப்பட வேண்டும்." கணினி இயக்கும் கடைசல் இயந்திரமான சிஎன்சி லேத்தில் பினிஷிங் டூலின் இன்சர்ட் மாற்றும் வேலைக்கான எஸ்.ஓ.பி இது. இன்சர்ட் என்பது டூலின் நுனியில் மாட்டும் வெட்டும் துண்டு, ஆஃப்செட் என்பது டூல் நிற்கும் இடத்தைத் திருத்த மெஷினில் கொடுக்கும் எண். இலக்கணப்படி ஒரு தப்பும் இல்லை. ஆனால் யார் மாற்றுவது, எப்போது தேய்ந்தது என்று எடுத்துக்கொள்வது, ஆஃப்செட்டை எவ்வளவு சரிசெய்வது, திருப்தி யாருடைய திருப்தி, திருப்தி இல்லையென்றால் என்ன செய்வது, எதுவும் இல்லை. இதே பத்தியை நோக்கம், வரம்பு, பொறுப்பு, படிகள், விதிவிலக்கு என்று ஐந்தாகப் பிரித்து எழுதிப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு, 25.00 மி.மீ. விட்டத்தில் ஒரு தண்டு, 24.98 முதல் 25.02 வரை ஏற்கலாம், ஒரு இன்சர்ட் முனைக்கு 150 பீஸ், 20 பீஸுக்கு ஒருமுறை அளவு பார்ப்பது என்று வைத்துக்கொள்வோம்.

நோக்கம் ஒரே வாக்கியம் போதும். "இன்சர்ட் மாற்றிய பிறகு அளவு தவறிய ஒரு பீஸ் கூட அடுத்த வேலைக்குப் போகாமல் தடுப்பது." தரத்தை மேம்படுத்துவது, வாடிக்கையாளர் திருப்தி என்று எழுதினால் எந்த வேலைக்கும் ஒட்டிவிடும், இந்த வேலைக்கு ஒன்றும் சொல்லாது. எதைத் தடுக்கிறோம் என்று எழுதினால், படியில் எழுதாத ஒன்று நடக்கும்போதும் ஆபரேட்டருக்கு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தெரியும்.

வரம்பு என்பது ஸ்கோப். இந்த ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலத்துக்கு இலக்கு என்றுதான் பொருள், ஸ்கோப் என்ற தலைப்பில் நோக்கத்தையே இன்னொரு முறை எழுதி வைப்பவர்கள் நிறைய. இன்றைய பொருள் எல்லை. எந்த மெஷின், எந்த டூல், எந்தப் பாகம் என்று எழுதிவிட்டு, எது சேராது என்பதையும் எழுத வேண்டும்: "உள்விட்டம் கடையும் போரிங் பாருக்கும், ரஃபிங் டூலுக்கும், புதிய புரோகிராம் செட்டப்புக்கும் இது பொருந்தாது." இந்தச் சேராதவை பட்டியல்தான் உண்மையில் வேலை செய்கிறது. அது இல்லாவிட்டால் போரிங் பாரிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்ப்பார்கள், அங்கே முதல் பீஸில் பொருளை மிச்சம் விட ஆஃப்செட்டை நகர்த்தும் திசை தலைகீழ்.

பொறுப்பில் ஆளின் பெயர் வேண்டாம், பதவி போதும். மாற்றுவதும் அளப்பதும் ஆபரேட்டர், இரண்டாவது திருத்தத்துக்கு அப்புறமும் அளவு வராவிட்டால் மெஷினை அமைத்துத் தரும் செட்டர், முதல் பீஸில் கையெழுத்து தர ஆய்வாளர். இங்கே தமிழில் நமக்கு ஒரு தனித் தொந்தரவு உண்டு. "சரிபார்க்கப்பட வேண்டும்" என்ற செயப்பாட்டு வினையில் செய்பவர் காணாமல் போய்விடுவார், வாக்கியமும் முழுமையாக இருப்பது போலத் தோன்றும். பழைய எஸ்.ஓ.பியை எடுத்து "படவேண்டும்" என்று முடியும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே யார் என்று எழுதிப் பாருங்கள், பதில் சொல்ல ஆள் இல்லாத வேலைகள் எத்தனை என்று உடனே தெரிந்துவிடும்.

படிகளுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் புதிய தொழிலாளர்களுக்கு வேகமாக வேலை கற்றுத்தர டி.டபிள்யூ.ஐ, அதாவது ட்ரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி என்ற பயிற்சித் திட்டம் இருந்தது. வேலையைப் பிரிக்கும்போது முக்கியப் படி ஒன்று, அந்தப் படியில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று என்று அதில் தனித்தனியே எழுதினார்கள். படி என்ன செய்வது என்று சொல்லும், நுணுக்கம் அது எங்கே கெடும் என்று சொல்லும். இன்றைக்கும் இதைவிட நல்ல முறையை நான் பார்க்கவில்லை. நம் வேலை அந்த முறையில் இப்படி வரும்:

1. ஸ்பிண்டில் முழுதும் நின்றபின் கதவைத் திறந்து, ஸ்க்ரூவைத் தளர்த்தி இன்சர்ட்டை எடுக்கவும். (இன்சர்ட் உட்காரும் இடத்தைத் துடைக்கவும், அங்கே ஒரு சின்னச் சுருள் இருந்தாலும் இன்சர்ட் சாய்ந்து உட்காரும்.)
2. புதிய முனையை வைத்து இறுக்கவும். திரையில் தேய்மான ஆஃப்செட் பக்கத்தில் அந்த டூலின் X-க்கு 0.10 கொடுத்து INPUT அழுத்தவும். (பழைய திருத்தம் அழிந்து 0.10 நிற்க வேண்டும், அப்போதுதான் முதல் பீஸ் கொஞ்சம் தடிமனாக வரும், பிறகு குறைக்கலாம்.)
3. ஒரு பீஸ் ஓட்டவும். குளிர்ந்தபின் துடைத்து மைக்ரோமீட்டரில் அளக்கவும்.
4. 25.00-இலிருந்து அளவைக் கழித்து, வந்த எண்ணைக் கொடுத்து +INPUT அழுத்தவும். பினிஷிங் டூலை மட்டும் மறுபடி ஓட்டி அளக்கவும்.
5. அடுத்த பீஸை முழுதாக ஓட்டி அளக்கவும். 24.98-க்கும் 25.02-க்கும் இடையில் இருந்தால் ஆய்வாளரிடம் கையெழுத்து வாங்கித் தொடரவும்.

இரண்டாவது படியில் INPUT, நான்காவதில் +INPUT. பல ஃபானுக் கன்ட்ரோல்களில் இவை பக்கத்துப் பக்கத்து விசைகள். INPUT பழைய எண்ணை அழித்துவிட்டு நாம் கொடுப்பதை வைக்கும், +INPUT பழைய எண்ணோடு கூட்டும். பீஸ் 25.11 வந்தது என்று வையுங்கள். கழித்தால் −0.11. +INPUT அழுத்தினால் 0.10-உம் −0.11-உம் சேர்ந்து −0.01, பீஸ் 25.00-க்கு வரும். தவறிப்போய் INPUT அழுத்தினால் ஆஃப்செட் −0.11 ஆகிவிடும், அதாவது இருந்த இடத்திலிருந்து 0.21 கீழே, பீஸ் 24.90. கீழ் எல்லை 24.98, எனவே அந்தப் பீஸ் ஸ்க்ராப்தான். "ஆஃப்செட் சரிசெய்யப்பட வேண்டும்" என்ற பழைய வாக்கியத்துக்குள் இவ்வளவும் ஒளிந்திருந்தது.

ஐந்தாவது படி வீண் வேலை போலத் தோன்றும், ஆனால் வேண்டும். நான்காவது படியில் டூல் வெட்டியது மெல்லிய சீவல், அதில் டூலும் பீஸும் வளைவது குறைவு. முழுப் பீஸில் வழக்கமான ஆழத்துக்கு வெட்டும்போது அளவு கொஞ்சம் நகரலாம். இந்தக் காரணத்தைப் படிக்குப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் அவசரத்தில் முதலில் விடுபடுவது இந்தப் படியாகத்தான் இருக்கும்.

கடைசியாக விதிவிலக்கு. எக்ஸெப்ஷன் என்பதன் மூலம் வெளியே எடுத்தல், நம் சொல்லிலும் விதியும் விலக்கும் இருக்கின்றன, மொழிபெயர்ப்பு கச்சிதம். ஆனாலும் தளத்தில் இதைப் படிப்பவருக்கு எப்போது விதியை மீறலாம் என்ற அனுமதிப் பட்டியலாகத்தான் படுகிறது. எஸ்.ஓ.பியில் இந்தப் பகுதியின் வேலை வேறு: படிகள் எதிர்பார்த்தபடி போகாதபோது என்ன செய்வது என்று சொல்வது. அதனால் ஆவணத்தில் விதிவிலக்கு என்று தலைப்பு இருந்தாலும், மெஷின் பக்கத்தில் ஒட்டும் தாளில் "மாறிப்போனால்" என்று போடுவது நல்லது.

இதில் எழுத வேண்டியவற்றை அலுவலக அறையில் உட்கார்ந்து யோசிக்க முடியாது. இரவு ஷிஃப்ட் ஆபரேட்டரிடம் போய், கடைசியாக எப்போது படியை விட்டு விலகினீர்கள், ஏன் என்று கேட்டால் பாதி அங்கேயே கிடைத்துவிடும், கேட்பவர் குற்றம் கண்டுபிடிக்க வரவில்லை என்று அவர் நம்பினால். நம் வேலைக்கு மூன்று வரும். முதலாவது, ஐந்தாவது படியிலும் அளவு வரவில்லை: இன்னொரு முறை மட்டும் திருத்தலாம், அப்புறமும் வராவிட்டால் ஆஃப்செட்டைத் தொடாமல் மெஷினை நிறுத்தி செட்டரைக் கூப்பிட வேண்டும். மறுபடி மறுபடி திருத்த வேண்டி வந்தால் பிரச்சினை எண்ணில் இருக்காது, சாய்ந்து உட்கார்ந்த இன்சர்ட்டிலோ தளர்ந்த ஹோல்டரிலோ இருக்கும்.

இரண்டாவது, 150 வரும் முன்பே முனை உடைந்துவிட்டது. பெரும்பாலான எஸ்.ஓ.பிகள் கோட்டை விடுவது இங்கேதான். ஆபரேட்டர் புது முனையைப் போட்டு, முதல் பீஸ் சரியாக வந்ததும் தொடர்ந்துவிடுவார், உடைந்த முனை கடைந்த பீஸ்கள் நல்ல பீஸ் பெட்டியிலேயே கிடக்கும். முனை எந்தப் பீஸில் உடைந்தது என்று யாருக்கும் தெரியாது, கடைசியாக அளந்து சரியென்று பார்த்த பீஸ் மட்டும்தான் தெரியும். 80-ஆவது பீஸில் அளந்தோம், 93-இல் உடைந்ததைப் பார்த்தோம் என்றால் 81 முதல் 93 வரை பதின்மூன்றையும் எடுத்து சந்தேகப் பீஸ்களுக்கான மஞ்சள் பெட்டியில் போட்டு ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். இதைச் செய்ய வேண்டுமென்றால் பீஸ்கள் வரிசை கலையாமல் தட்டில் இருக்க வேண்டும், ஆகவே அதை மேலே படிகளிலும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டிவரும்.

மூன்றாவது, குறிப்பிட்ட இன்சர்ட் கையிருப்பில் இல்லை. 0.4 முனை ஆரம் உள்ளதற்குப் பதில் 0.8 போட்டால் தண்டின் விட்டம் சரியாகவே வரும், படிக்கட்டு மூலையில் வளைவு மாறிவிடும், அசெம்பிளியில் போய்த்தான் உட்கார மறுக்கும். அதனால் செட்டரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் மாற்று கூடாது. அந்த ஒப்புதல் தாளில் எத்தனை பீஸ் வரை, எந்தத் தேதி வரை என்று இரண்டும் இருக்க வேண்டும். முடிவு போடாத ஒப்புதல்கள் மெஷின் மேல் டேப் போட்டு ஒட்டியபடியே மாதக்கணக்கில் இருக்கும், புதிதாகச் சேர்ந்தவர் அதையே எஸ்.ஓ.பி என்று கற்றுக்கொள்வார். ஒரே விலக்கத்துக்குத் திரும்பத் திரும்ப ஒப்புதல் கேட்டு வந்தால் அதை நீட்டிக்காமல், படியை மாற்றி எழுதி, தாளின் பதிப்பு எண்ணை ஏற்றி, பழைய தாளை மெஷினிலிருந்து கிழித்தெடுத்துவிட வேண்டும்.