அஃபிடவிட்: பத்திரம் அல்ல, ஆணை

"அஃபிடவிட் வேணும், ஒரு ஸ்டாம்ப் பேப்பர் வாங்கிட்டு வாங்க" என்று அலுவலகங்களில் சொல்வார்கள். கேட்பவர் மனத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே குழப்பம் பாதி தீரும்.

அஃபிடவிட் என்பது இடைக்கால லத்தீன் வினைச்சொல். 'அவர் ஆணையிட்டுச் சொன்னார்', அதாவது சத்தியம் செய்து சொன்னார் என்று பொருள். 'நான்' இல்லை, 'அவர்'. அதாவது சொல்பவர் ஒருவர், அவர் சொன்னதை நேரில் கண்டு சான்று தருபவர் இன்னொருவர். 'இவர் என் முன்னிலையில் உறுதி கூறிக் கையொப்பமிட்டார்' என்று நோட்டரி கடைசியில் எழுதும் வரிதான் அந்த லத்தீன் சொல்லின் நேர்ப்பொருள். அந்த வரி இல்லாவிட்டால் அது வெறும் கடிதம்.

தமிழில் 'பிரமாணப் பத்திரம்' என்பது வழக்கம். தேர்தல் செய்திகளில் தினமும் படிக்கிறோம். ஆனால் பத்திரம் என்றதும் நம் ஆட்களுக்குக் கிரயப் பத்திரம்தான் நினைவுக்கு வரும். முத்திரைத்தாள் கட்டாயம் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். 'உறுதிமொழி' என்று மட்டும் சொன்னாலோ, நாமே எழுதிக் கையெழுத்துப் போடும் சுய உறுதிமொழியோடு கலந்துவிடுகிறது. இலங்கைத் தமிழர் சொல்லும் 'சத்தியக் கடதாசி' இரண்டையும்விடத் தெளிவானது. இங்கே 'ஆணையுறுதி ஆவணம்' என்பதையே நான் எழுதுகிறேன். "என் மேல் ஆணை" என்று பேச்சிலேயே இருக்கும் சொல்தானே.

சரி, ஒரு காரியத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு அம்மாவின் பெயர் ஆதாரில் மாரியம்மாள், பட்டாவில் மாரியாயி. இரண்டும் ஒருவரே என்று ஆவணம் கேட்கிறார்கள். மகன் உறுதி கூறினால் போதுமா? அம்மா இருக்கும்போது அம்மாதான் கூற வேண்டும். தனக்கே நேரடியாகத் தெரிந்ததைத்தான் ஒருவர் ஆணையிட்டுச் சொல்ல முடியும்.

ஆவணத்தை 'நான்' என்று தன்மையில் எழுத வேண்டும்: பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், வயது, முகவரி. அப்புறம் எண்ணிட்ட பத்திகள், பத்திக்கு ஒரு செய்தி. 'ஆதாரில் மாரியம்மாள் என்றும் பட்டாவில் மாரியாயி என்றும் உள்ள பெயர்கள் இரண்டும் என்னையே குறிக்கும்' என்பதுதான் உயிரான வரி. பெயர்களை ஆவணத்தில் உள்ளபடியே, ஓர் எழுத்துகூட மாறாமல் எழுத வேண்டும். பட்டா எண்ணையும் சேர்க்க வேண்டும். தட்டச்சுக் கடையில் பழைய கோப்பைத் திறந்து பெயரை மட்டும் மாற்றித் தரும்போது, இன்னொருவருடைய ஊரோ வயதோ அப்படியே தங்கிவிடுவது உண்டு. அடித்த தாளை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள்.

கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகக் கூடாது. அம்மா நோட்டரி முன் அடையாளச் சான்றோடு நேரில் வர வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் படித்துக் காட்டி, புரிந்துகொண்டார் என்று குறித்து, கைரேகை வாங்க வேண்டும். கடவுள் பெயரால் ஆணையிட விரும்பாதவர் உளமார உறுதி கூறலாம். 1969ஆம் ஆண்டின் ஆணைகள் சட்டம் இடம் தருகிறது. முத்திரை, தேதி, நோட்டரியின் பதிவேட்டு எண் மூன்றும் தாளில் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். நேரில் வராதவருக்கு முத்திரை குத்தித் தரும் ஆள் கிடைத்தால், அந்தத் தாளை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்காதீர்கள். நடக்காத ஒன்றுக்கு அது சான்று சொல்கிறது.

இப்போது முத்திரைத்தாள். அது ஆணைக்கு வலு சேர்க்கும் பொருள் அல்ல, அரசுக்குக் கட்டும் தீர்வை. 1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம் ஆணையுறுதி ஆவணத்தையும் தீர்வைக்குள் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 20 ரூபாயாக இருந்த தீர்வை 2024இல் 200 ரூபாய் ஆனது. எனவே மாரியம்மாள் 200 ரூபாய்த் தாள் வாங்க வேண்டும், தன் பெயரில், கையெழுத்திடும் நாளிலோ அதற்கு முன்போ. ஆறு மாதம் ஆன தாள் செல்லாது என்பார்கள். அந்த ஆறு மாதம், பயன்படுத்தாத தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவதற்கான கெடுதான். பழைய தாளில் எழுதியதால் மட்டும் ஆவணம் செல்லாமல் போகாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதே சட்டம் விலக்கும் தருகிறது. நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதற்கென்றே எழுதுவதற்கும், ஓய்வூதியம் பெறுவதற்காக மட்டும் எழுதுவதற்கும் தீர்வை இல்லை, வெள்ளைத்தாள் போதும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் இணைப்புகளுக்கு 2016 டிசம்பர் முதல் நோட்டரியே வேண்டாம், வெள்ளைத்தாளில் சுய உறுதிமொழி போதும் என்றாக்கிவிட்டார்கள். ஆகவே யாராவது "ஸ்டாம்ப் பேப்பர் வாங்கிட்டு வாங்க" என்றால், இது எந்த அலுவலகத்தில் தாக்கல் ஆகப்போகிறது, அவர்களுக்கு வேண்டியது ஆணையுறுதியா சுய உறுதிமொழியா என்று கேட்டுக்கொண்டு அப்புறம் தாள் வாங்கப் போங்கள்.