‘வந்திருக்க வேண்டும்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது

பேலியகொடையில் உள்ள ஒரு களஞ்சியத்துக்கு வெள்ளிக்கிழமை வரவேண்டிய லொறி வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கோட்டையில் உள்ள கந்தோரில் இருந்து, லொறிக் கம்பனியின் முகாமையாளருக்கு ஒரு மின்னஞ்சல் போகிறது. எழுதியவர் தமிழ்மொழி மூலம் படித்தவர். வேலையில் கெட்டிக்காரர், ஆங்கிலம் தாராளமாக வாசிப்பவர்.

```
Your driver must have come on Friday.
You must informed us on Thursday.
If you would have told us, we should had sent our own lorry.
```

மூன்று வரிகளிலும் பிழை உண்டு. இரண்டாவதும் மூன்றாவதும் கண்ணில் குத்தும். வாசிப்பவர் ஒரு கணம் முகம் சுளித்தாலும் சொல்ல வந்தது அவருக்கு விளங்கிவிடும். முதலாவது வரியில் இலக்கணப் பிழை ஒன்றுமே இல்லை. உண்மையான சேதம் அங்கேதான். அதை வாசிக்கும் முகாமையாளர் ‘எங்கள் சாரதி வெள்ளிக்கிழமை நிச்சயம் வந்திருப்பார் என்று இவர்களே நினைக்கிறார்கள்’ என்றுதான் எடுத்துக்கொள்வார். லொறி வரவில்லை என்று முறையிட எழுதிய கடிதம், லொறி வந்தது என்று சாட்சி சொல்கிறது. தாமதத்துக்கு நட்டஈடு கேட்கும் நாளில் இந்த வரியை அவர்கள் திருப்பிக் காட்டினால் பதில் சொல்வது கஷ்டம். எழுத்துப்பிழை பார்க்கும் மென்பொருளும் இதைச் சுட்டாது. சொல்லும் சரி, அமைப்பும் சரி, பிழை பொருளில் அல்லவா இருக்கிறது.

இது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், தமிழில் ‘வந்திருக்க வேண்டும்’ என்ற ஒரே தொடர் இரண்டு வேலை செய்கிறது. ‘வாசலில் செருப்புக் கிடக்கிறது, அண்ணா வந்திருக்க வேண்டும்’ என்றால் அது ஊகம். வந்துவிட்டார் என்று நம்புகிறோம். ‘அண்ணா நேற்றே வந்திருக்க வேண்டும், ஏன் வரவில்லை?’ என்றால் அது குறை, அவர் வரவில்லை. கேட்பவர் இடத்தையும் குரலையும் வைத்துப் பிரித்தறிந்துகொள்வார். ஆங்கிலம் இந்த இரண்டுக்கும் வெவ்வேறு சொல் வைத்திருக்கிறது. ஊகத்துக்கு மஸ்ட் ஹேவ். நடக்கவேண்டியது நடக்காமல் போனதற்கு ஷுட் ஹேவ். பள்ளிக்கூடத்தில் மஸ்ட் என்றால் ‘வேண்டும்’ என்று மனனம் செய்த கை, இரண்டு இடத்திலும் மஸ்டையே எழுதிவிடுகிறது.

இதைப் பிரித்துப் பார்க்கத் தமிழுக்குள்ளேயே ஒரு வழி உண்டு. எழுத நினைத்த வசனத்தில் ‘வந்திருக்க வேண்டும்’ என்பதை எடுத்துவிட்டு ‘வந்திருப்பார்’ என்று போட்டுப் பாருங்கள். பொருள் மாறாமல் நின்றால் மஸ்ட் ஹேவ். நிற்காமல், பின்னால் ‘ஆனால் வரவில்லை’ என்று சேர்த்தால்தான் பொருந்துகிறது என்றால் ஷுட் ஹேவ். மேலே உள்ள மின்னஞ்சலில் ‘உங்கள் சாரதி வெள்ளிக்கிழமை வந்திருப்பார்’ என்று போட்டால் முறைப்பாடே காணாமல் போய்விடுகிறது. ஆகவே அங்கே ஷுட் ஹேவ்தான்.

இந்தச் சோதனை கைவிடும் இடமும் ஒன்று உண்டு. ‘லொறி இந்நேரம் தம்புள்ளையைத் தாண்டியிருக்க வேண்டும்’ என்கிறோம். தாண்டியதா இல்லையா என்று தெரியாது, நேரக்கணக்குப்படி எதிர்பார்க்கிறோம். இங்கே ‘தாண்டியிருக்கும்’ என்றும் சொல்லலாம், ஆனாலும் ஆங்கிலத்தில் ஷுட் ஹேவ் பொருத்தமே. மஸ்ட் போட்டால், தாண்டியதற்குக் கையில் ஏதோ ஆதாரம் இருப்பதுபோல அழுத்தம் கூடிவிடும்.

இன்னொரு தொடரையும் இதனோடு குழப்புகிறார்கள். ‘நேற்று நான் சுங்கத்துக்குப் போகவேண்டியிருந்தது’ என்றால், கட்டாயம் இருந்தது, போகவும் போனேன் என்று பொருள். இதற்கு மஸ்ட் உதவாது. ஹேட் டு என்றுதான் எழுதவேண்டும். மஸ்டுக்குத் தனியாக இறந்தகால வடிவம் கிடையாது. அந்தச் சொல்லே பழைய ஆங்கிலத்தில் வேறொரு வினையின் இறந்தகால வடிவமாக இருந்து, பிறகு நிகழ்காலப் பொருளுக்கு வந்து சேர்ந்தது. அதனால் இறந்தகாலக் கட்டாயத்தைச் சொல்ல ஆங்கிலம் வேறு வினையைக் கடன் கேட்கிறது. எதிர்மறை ஊகமும் அப்படித்தான். ‘அவர் வந்திருக்க முடியாது’ என்பதற்குப் பிரித்தானிய ஆங்கிலத்தில் பொதுவாக மஸ்டோடு நொட் சேர்ப்பதில்லை, கான்ட் ஹேவ் என்பதே வழக்கம்.

இனி வடிவத்துக்கு வருவோம். இங்கே தமிழ் நமக்குப் பெரிய துணை. ‘சொல்லியிருக்க வேண்டும்’ என்பதைப் பிரித்தால் சொல்லி, இருக்க, வேண்டும் என்று மூன்று துண்டு. ஆங்கிலத்தில் அதே மூன்று துண்டும் தலைகீழாக நிற்கின்றன.

```
should + have + told
வேண்டும் + இருக்க + சொல்லி
```

தமிழில் எந்தத் துண்டைத் தொட்டால் காது பொறுக்காதோ, ஆங்கிலத்திலும் அந்தத் துண்டைத் தொடக்கூடாது. ‘சொல்லி இருந்தது வேண்டும்’ என்று யாரும் கதைப்பதில்லை. நடுவில் இருக்கும் ‘இருக்க’ காலம் காட்டாது. ஷுட் ஹேட் என்று எழுதுவது அந்த ‘இருக்க’வை ‘இருந்தது’ ஆக்குவதற்குச் சமம். நேற்றைய விஷயம்தானே, ஹேவ் எப்படி ஹேட் ஆகாமல் இருக்கும் என்று பலர் கேட்பார்கள். கடந்த காலத்தைக் காட்ட அந்த ஹேவ் அங்கே வந்து நின்றதே போதும், அது மேலும் மாறத் தேவையில்லை. ஆள் யார் என்பதற்காகவும் அது மாறாது. ஹீ என்றாலும் ஷீ என்றாலும் ஷுட் ஹேவ்தான், ஷுட் ஹேஸ் இல்லை.

மூன்றாம் துண்டிலும் இதே கதை. ‘போனான் இருக்க வேண்டும்’ என்று சொல்லமாட்டோம், ‘போயிருக்க வேண்டும்’ என்போம். ‘போனான்’ என்பதற்கு வென்ட். ‘போய்’ என்ற இடத்தில் நிற்பது கோன். ஆகவே ஷுட் ஹேவ் வென்ட் என்பது, நம் காதுக்கு ‘போனான் இருக்க வேண்டும்’ எப்படிக் கேட்குமோ அப்படி ஆங்கிலக் காதுக்குக் கேட்கிறது. இந்தப் பிழை எல்லா வினையிலும் தலைகாட்டாது. டோல்ட், சென்ட், பெய்ட் போன்றவற்றுக்கு இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே. அவற்றை மட்டும் பாவிப்பவர் வருடக்கணக்காகத் தன் பிழையைக் காணாமலே இருந்துவிடலாம். சிக்குவது கோ, கம், டேக், கிவ், ரைட், சீ, டூ போன்ற அன்றாட வினைகளில். அவற்றிலும் கம் மிகவும் ஏமாற்றும். கம், கேம், கம் என்று மூன்றாம் வடிவம் முதலாவதாகவே திரும்பிவிடுவதால், ‘கடந்த காலத்துக்குக் கம் எப்படி?’ என்று சந்தேகப்பட்டு, சரியாக எழுதியதையே அழித்துவிட்டுக் கேம் போடுகிறவர்கள் அதிகம். ரன், பிகம் ஆகியவையும் இந்த இனமே.

செயப்பாட்டு வினையில் ஒரு துண்டு கூடும். ‘அனுப்பப்பட்டிருக்க வேண்டும்’ என்பதில் வரும் ‘பட்டு’வுக்கு ஆங்கிலத்தில் பீன். கந்தோர்க் கடிதங்களில் இந்தப் பீன் அடிக்கடி விழுந்துபோகும். அப்போது ஆவணங்கள் தாமே எதையோ அனுப்பியிருக்க வேண்டும் என்று பொருள் வந்துவிடும்.

```
The documents should have been sent on Monday.
```

‘மஸ்ட் டு’ என்ற பிழைக்கும் வேர் தமிழில்தான். ‘போக’ என்றால் டு கோ, ‘வேண்டும்’ என்றால் மஸ்ட் என்று தனித்தனியாகப் படித்தவர், ‘போக வேண்டும்’ என்பதை ஒழுங்காகக் கூட்டி மஸ்ட் டு கோ என்கிறார். கணக்குச் சரி, ஆனால் மஸ்ட், ஷுட், குட், வுட் எதுவும் பின்னால் டு ஏற்காது. ஹேவ் டு, ஓட் டு என்பவற்றில் டு இருப்பது குழப்பத்தைக் கூட்டுகிறது. மின்னஞ்சலின் இரண்டாம் வரியில் வந்த மஸ்ட் இன்ஃபோம்ட் இன்னொரு வகை. அங்கே கடந்த காலத்தை வினையிலேயே நேராக ஒட்டியிருக்கிறார். தமிழில் ‘சொன்ன வேண்டும்’ என்பதுபோல அது. நடுவில் ஹேவ் வேண்டும்.

மூன்றாம் வரியில் உள்ள இஃப் வசனத்துக்கும் தமிழே வழிகாட்டும். ‘நீங்கள் சொல்லியிருந்தால், நாங்கள் அனுப்பியிருப்போம்.’ முன்பாதியில் ‘இருந்தால்’, பின்பாதியில் ‘இருப்போம்’. இரண்டும் வேறு வேறு. ‘இருந்தால்’ வரும் பக்கத்துக்கு ஹேட், ‘இருப்போம்’ வரும் பக்கத்துக்கு வுட் ஹேவ். வுட்டை இஃப் பக்கத்திலும் போடுவதை அமெரிக்கப் பேச்சில் கேட்கலாம், ஆனால் கந்தோர்க் கடிதத்திலோ பரீட்சைத் தாளிலோ அது பிழை.

ஷுட் ஒவ் என்ற பிழையின் பிறப்பிடம் வேறு. தமிழ்மொழி மூலம் படித்தவர்கள் இதை அவ்வளவாக எழுதுவதில்லை. அவர்கள் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர்கள். ஆங்கிலமொழி மூலம் படிக்கும், வீட்டிலும் ஆங்கிலம் கதைக்கும் கொழும்புப் பிள்ளைகளின் கொப்பிகளில்தான் இது வரும். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களும் எழுதும் பிழை இது. வேகமாகப் பேசும்போது ஹேவ் தன் முதல் ஒலியை இழந்து ‘அவ்’ என்று தேய்கிறது. அழுத்தமில்லாத ஒவ்வும் அப்படியே தேயும். காதால் இரண்டையும் பிரிக்க முடியாது, எழுதும்போது மட்டுமே குட்டு வெளிப்படும். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எளிய வழி, வசனத்தைக் கேள்வியாகத் திருப்பச் சொல்வது.

```
I should've told Amma.
Should I have told Amma?
```

இரண்டாவது வசனத்தில் ஷுட்டும் ஹேவும் பிரிந்துவிடுவதால், ஒவ் போட்டால் பொருந்தாது என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

இப்போது லொறிக் கம்பனிக்குப் போகவேண்டிய மின்னஞ்சலைத் திருத்தினால் இப்படி வரும்:

```
Your driver should have come on Friday, but he did not.
You should have informed us on Thursday.
If you had told us, we would have sent our own lorry.
```

முதல் வரியில் ‘ஆனால் வரவில்லை’ என்பதையும் எழுதிவிடுவது நல்லது. பிறகு யாரும் அதை வேறுவிதமாக வாசிக்க இடமிருக்காது. இரண்டாம் வரி இலக்கணப்படி சரியென்றாலும், யூ ஷுட் ஹேவ் என்று தொடங்கும் வசனம் ஆங்கிலத்தில் நேராக முகத்துக்கு விரல் நீட்டுவது. நாம் ‘சொல்லியிருக்கலாமே’ என்று ஓர் ஏகாரத்தில் தணித்துக்கொள்வதுபோல அங்கே முடியாது. யூ குட் ஹேவ் என்று மாற்றினாலும் சுருக்கென்றுதான் குத்தும். நாளைக்கும் அதே கம்பனியிடம் லொறி எடுக்கவேண்டியிருந்தால், அந்த வரியை நம் பக்கத்தில் இருந்து எழுதலாம்:

```
We were not informed on Thursday.
```