நங்கூரச் சுவர்: அந்த முனையைப் பிடித்திருப்பது யார்?

ஆழமாகக் குழி தோண்டும்போது, தாங்குசுவர் வழியாக மண்ணுக்குள் சாய்வாக எஃகு இழைகளைச் செருகுகிறார்களே, அந்தப் பக்க முனையை எதில் கட்டுகிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எதிலும் கட்டுவதில்லை. மண்ணேதான் பிடித்துக்கொள்கிறது.

துளை போட்டு, இழைகளை இறக்கி, சிமெண்ட் கூழை அழுத்தி நிரப்புவார்கள். இதுதான் நங்கூரம். சுவரை ஒட்டிய மண், சரிந்தால் ஆப்பு வடிவில் சரியும். அதனால் அந்தப் பகுதியைக் கடக்கும்வரை இழைகள் உறைக்குள் தனியாக ஓடும். அதற்கு அப்பால்தான் சிமெண்டோடு ஒட்டும்.

மணல் நெருக்கமாக இருந்தால் அந்தப் பிடி ஆச்சரியமானது. நெருக்கமாக அடுக்கப்பட்ட மணல்மணிகள் நகர வேண்டுமானால், ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் ஆகவேண்டும். ஏறினால் மணல் பருக்கும். ஈர மணலில் கால் வைத்ததும் சுற்றிலும் சட்டென்று வறண்டு தெரிவது இதனால்தான்: பருத்த மணலின் இடைவெளிகளுக்குள் நீர் இறங்கிவிடுகிறது. ஆழத்தில் பருக்க இடம் ஏது? சுற்றியுள்ள மண் விடாது. எனவே துளைக்குள் இறுகிய சிமெண்ட் உருளையைச் சுற்றி அழுத்தம் ஏறுகிறது, உராய்வும் ஏறுகிறது. இழுக்க இழுக்க இறுகும் பிடி! மேலே உள்ள மண்ணின் எடையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் வருவதைவிட இது மிக அதிகம்.

ஆனால் துளையிடும்போது ஓரத்து மணல் தளர்ந்துவிட்டால் இந்த இறுக்கம் வராது. வெளியிலிருந்து பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு நங்கூரத்தையும் இழுத்துப் பார்க்க வேண்டும். நாலைந்தைச் சோதித்தால் போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஒரு கணக்கு பார்ப்போம். வடிவமைப்புச் சுமை 500 கிலோநியூட்டன், ஏறக்குறைய 50 டன். 15.2 மில்லிமீட்டர் இழைகள் நான்கு, ஒட்டாத நீளம் 8 மீட்டர். ஜாக்கால் முதலில் 50 கிலோநியூட்டன் வரை இழுத்துத் தொய்வை எடுத்துவிட்டு, படிப்படியாக 665 வரை, அதாவது 1.33 மடங்கு ஏற்றுவார்கள். நகர்வை அளக்கும் டயல் கேஜை சுவரில் பொருத்தக்கூடாது, தனி முக்காலியில் நிற்கவேண்டும். சுவரே நகர்ந்தால் அளவு பொய்யாகிவிடும். அப்புறம் சுமையைப் பிடித்து வைத்து, 1-ஆவது நிமிடத்திலிருந்து 10-ஆவது நிமிடம்வரை நகர்வைப் பார்ப்பார்கள். 1 மில்லிமீட்டருக்கு மேல் போனால் பிடி வழுக்குகிறதோ என்று சந்தேகம். அப்போது ஒரு மணி நேரம்வரை காத்திருந்து அளப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. 8 மீட்டர் எஃகு, இந்தச் சுமையேற்றத்தில் 45 மில்லிமீட்டர் நீளவேண்டும். சுமையைத் தளர்த்தி, மீளாத நகர்வைக் கழித்தபின் 28 மட்டுமே வந்தால்? குறைவாக நீண்டதே, நல்ல பிடிதான் என்று தோன்றும். 28 மில்லிமீட்டர் நீள 5 மீட்டர் எஃகு போதும். மிச்ச 3 மீட்டர் எங்கோ சிக்கியிருக்கிறது. அதாவது சரியப்போகும் ஆப்பையே நங்கூரம் பிடித்திருக்கிறது. ஆப்பு நகர்ந்தால் அந்தப் பிடியும் கூடவே போகும். கணக்கிட்ட நீட்சியில் 80 சதவீதமாவது, இங்கே 36 மில்லிமீட்டர், வராததால் இந்த நங்கூரம் தேறவில்லை.