கொம்பும் காலும் இடம் மாறும்போது

கைப்பேசியில் புதிய எழுத்துரு ஒன்றை நிறுவிய பிறகு, ‘கோயில்’ என்ற சொல் ஒரு செயலியில் சிதைந்தும் மற்றொன்றில் ஒழுங்காகவும் தெரிவதுண்டு. ‘கோ’ என்னும் எழுத்து நினைவகத்தில் முதலில் ககரம் (U+0B95), அடுத்து ஓகாரக் குறி (U+0BCB) என்ற வரிசையில்தான் இருக்கிறது. இரட்டைக் கொம்பை ககரத்திற்கு முன்னும் துணைக்காலைப் பின்னும் வைத்து வரைவது ஒரு தனி நிரலின் வேலை. ஆண்ட்ராய்டில் அதன் பெயர் ஹார்ஃப்பஸ். எழுத்துருக் கோப்பில் தமிழுக்கான விதி அட்டவணை இல்லையெனில், அந்நிரல் பல நேரங்களில் எதையும் இடம் மாற்றாமல் வந்த வரிசையிலேயே வரைந்துவிடும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழ் எழுத்தே இல்லாத எழுத்துருவால் தமிழுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. ஏனெனில், இல்லாத எழுத்துக்களுக்காக ஆண்ட்ராய்டு தன்னிடமுள்ள நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற மாற்று எழுத்துருவை நாடுகிறது. எழுத்து வடிவங்களை வைத்துக்கொண்டு விதிகளை மட்டும் விட்டுவிட்ட அரைகுறை எழுத்துருவே தொல்லை தருகிறது. எழுத்து இருக்கிறது என்று கண்டதும் கைப்பேசி மாற்றைத் தேடுவதில்லை.

நிறுவும் வழியும் எல்லாக் கைப்பேசிகளிலும் ஒன்றன்று. சாம்சங் கைப்பேசிகளில் அமைப்புகளின் திரைப் பிரிவுக்குள் எழுத்துருவை மாற்றலாம். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அந்த வசதியே கிடையாது. ஐபோனில் ஐஓஎஸ் 13 முதல் எழுத்துருக்களைச் செயலிகள் வழியாக நிறுவ முடிகிறது. ஆனால் அவை எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க இடம் தரும் செயலிகளில் மட்டுமே பயன்படும் என்பதால், இடைமுகம் மாறுவதுமில்லை, சிதைவதுமில்லை.

ஆண்ட்ராய்டில் கைப்பேசியின் எழுத்துருவைக் கேட்டு வாங்கும் செயலிகள் மட்டும் சிதையும். தமக்கென்று எழுத்துருவைச் சுமந்துவரும் செயலிகள் மாறாமல் நிற்கும். ஐயத்தைத் தீர்க்க, ‘கோயில், கௌரி, கூடு, ஸ்ரீ’ என்று குறிப்புச் செயலியில் தட்டச்சிட்டுப் பார்க்கலாம். கொம்பு ககரத்திற்குப் பின்னால் நின்றாலோ, ‘கூ’ ஒரே வடிவாக இணையாவிட்டாலோ, புள்ளி வட்டம் தோன்றினாலோ, எழுத்துருவையே முதலில் ஐயுற வேண்டும். இயல்பான எழுத்துருவுக்குத் திரும்பி, சிதைந்த செயலியை முழுமையாக மூடித் திறந்தால் சரியாகிவிடும். அப்போதும் ஒரு செயலி மட்டும் சிதைந்தே இருந்தால், குறை அச்செயலி வரையும் முறையில் இருக்கிறது. தாமே எழுத்தை வரையும் சில விளையாட்டுகளில் இது நேர்கிறது. அதைப் பயனர் திருத்த இயலாது.

‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் jkpo; என்று தெரிந்தால் மட்டும் கதை வேறு. அது பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் எழுதப்பட்ட உரை; ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த முறை அது. பாமினியையே கைப்பேசியின் எழுத்துருவாக்கினால், அந்த வரி சரியாகும், ஆனால் திரையிலுள்ள ஆங்கிலம் அனைத்தும் தமிழ்க் குழப்பமாகிவிடும். ஆகவே அவ்வுரையை ஒருங்குறிக்கு மாற்றும் கருவியில் இட்டு மாற்றிக்கொள்வதே வழி.