ஊர் டெபாசிட் வட்டியும் மார்ச் 15-ம்

சிராங்கூன் ரோட்டில் உட்கார்ந்து ஊர் வருமான வரி ரிட்டர்ன் பார்த்துக் கொடுப்பவன் நான். போன நிதியாண்டு, அதாவது 2025-26 முடிய மூன்று வாரம் இருக்கும்போது யீஷூனிலிருந்து ஒருவர் வந்தார். கையில் ஊர் வங்கியின் வட்டிச் சான்றிதழ், 2,10,000 ரூபாய். வாடகை 30% கழிவு போக 5,04,000. “பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லையாமே அண்ணே?” என்றார்.

அந்தத் தள்ளுபடி இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான். நமக்கு நாலு லட்சத்தைத் தாண்டினாலே கணக்கு ஆரம்பித்துவிடும்.

சரி, வரித்துறை நம் வருமானத்தைத் திரட்டிக் காட்டும் ஏஐஎஸ்-ல் முந்தைய வருடத்தைத் திறந்து அதே வருடச் சான்றிதழோடு வைத்துப் பார்த்தேன், ஒத்துவரவில்லை, ஏஐஎஸ்-ல் வட்டி கூடுதலாக இருந்தது. வங்கியில் கேட்டதில், சிங்கப்பூர் வருவதற்கு முன்பே வேறொரு கிளையில் போட்ட டெபாசிட் இன்னொரு வாடிக்கையாளர் எண்ணில் கிடக்கிறது. சான்றிதழ் ஓர் எண்ணுக்கு ஒன்றுதான் வரும். அது முதிர்வில் மொத்தமாகக் கிடைக்கும் டெபாசிட், அதனால் “கைக்கு வராத வட்டி” என்று அவர் மறந்தேபோனார், ஆனால் வங்கி வருடா வருடம் சேர்ந்த வட்டியைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. 2025-26-க்கு அது 1,50,000.

இரண்டுமே இன்னும் உள்ளூர்க் கணக்குதான், வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்ஆர்ஓ-வாக மாற்றவில்லை. வரி பிடிக்க வேண்டாம் என்று கொடுக்கும் 15ஜி படிவத்தில் அப்பா வருடா வருடம் இவர் கையெழுத்தை வாங்கிக் கொடுத்ததால் வங்கி பிடிக்கும் டிடிஎஸ் சுத்தமாக இல்லை (வெளிநாட்டில் வசிப்பவர் அதைக் கொடுக்கவே கூடாது). வாடகைக்காரரும் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும், ஆனால் ஊரில் யார் செய்கிறார்கள்!

ஆக மொத்தம் 8,64,000. புதிய முறையில் வரி 26,400, செஸ் 4% சேர்த்து 27,456. டிடிஎஸ் போக 10,000-க்கு மேல் பாக்கி வந்தாலே, வருடத்துக்குள்ளேயே தவணையாகக் கட்டும் அட்வான்ஸ் டாக்ஸ் உண்டு. ஜூன், செப்டம்பர், டிசம்பர் தவணைகள் போய்விட்டதால் 1,100 ரூபாய்க்குச் சற்று மேல் வட்டி விழும். கடைசித் தவணை நாளான மார்ச் 15-ஐயும் விட்டு ஜூலையில் ரிட்டர்னோடு கட்டினால் ஏப்ரலிலிருந்து மாதம் ஒரு சதவீதம் தனியாக ஓடும்.

சலானை incometax.gov.in-ல் e-Pay Tax-ல் எடுத்தோம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: Assessment Year என்பது நிதியாண்டுக்கு அடுத்த வருடம், அதாவது 2026-27, வகை Advance Tax (100). பழக்கதோஷத்தில் 2025-26 போட்டால் பணம் முந்தைய வருடக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும், இந்த வருடப் பாக்கி அப்படியே நிற்கும். சலானில் வரும் சிஆர்என் எண் 15 நாள்தான் செல்லும். இவரிடம் இந்திய நெட்பேங்கிங் இல்லை, அதனால் சலானை அச்செடுத்து அப்பா காசோலையோடு வங்கியில் கட்டினார். ரசீதில் வங்கிக் கிளையைக் குறிக்கும் ஏழு இலக்க பிஎஸ்ஆர் கோடு, ஐந்து இலக்க சலான் எண், தேதி மூன்றும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ரிட்டர்னில் அதைத்தான் ஏற்ற வேண்டும்.

விட்டுப்போன முந்தைய வருட வட்டிக்குத் திருத்திய ரிட்டர்ன் தேதி போயாச்சு. அதற்குக் கூடுதல் வரியோடு அப்டேட்டட் ரிட்டர்ன் போட வேண்டும். என்ஆர்ஓ மாற்றத்துக்கு அடுத்த ஊர் லீவில் போகிறாராம்.