‘கசின்’ என்ற சொல்லுக்குள் மறைந்திருந்த மாமன் மகள்

டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் கண் பரிசோதனை செய்துவருகிறேன். ஒருநாள் பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பெற்றோர் அழைத்து வந்தார்கள். நிறப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டையில் நமக்கு 74 என்று தெரியும் பக்கத்தை அவன் தயக்கமில்லாமல் 21 என்று படித்தான். சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளவர்கள் அப்படித்தான் படிப்பார்கள். தகப்பனாரையும் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் 21.

என்னிடம் பயிற்சி பெற்றுவந்த மாணவிக்கு இது பெரிய குழப்பம். தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும் பண்பு எக்ஸ் குரோமோசோம் சார்ந்ததாக இருக்க முடியாது என்பது அவள் படித்த விதி. விதி சரிதான். சிவப்பு-பச்சை நிறக்குருட்டுக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தகப்பன் மகனுக்குக் கொடுப்பது ஒய்யை மட்டுமே. அப்படியானால் பையனுடைய குறை தகப்பனிடமிருந்து வரவே இல்லை, தாயிடமிருந்து வந்தது. தாய்க்கு அது எங்கிருந்து வந்தது?

விவரப் படிவத்தில் ‘பெற்றோர் உறவினரா’ என்ற இடத்தில் ‘கசின்’ என்று எழுதியிருந்தார்கள். வீட்டில் ஆங்கிலம் புழங்கும் நம் குடும்பங்களில் எல்லா முறைக்கும் இந்த ஒரே சொல்தான். நான் தமிழில் கேட்டேன்: “மாமன் மகளா, அத்தை மகளா?”

“மாமன் மகள்தான். எங்க அப்பாவும் இவருடைய அம்மாவும் கூடப்பிறந்தவர்கள்” என்றார் தாய்.

வம்சாவளி வரைபடத்தைப் போடத் தொடங்கினேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், குறை உள்ளவருக்கு உள்ளே கறுப்பு. உறவுக்குள் மணந்தவர்களை இணைக்க இரட்டைக் கோடு. “உங்கள் அப்பா நிறம் பார்ப்பதில் எப்படி?” என்று கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். தோட்டத்தில் மிளகாய் பறிக்கும்போது பழுத்தது எது, பச்சை எது என்று அம்மாவைக் கூப்பிட்டுத்தான் கேட்பாராம். மாமனின் சதுரத்தையும் கறுப்பாக்கினேன். இறந்துபோனவரைச் சோதிக்க முடியாது என்பதால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இட்டேன்.

இப்போது படம் பேசியது. மாமனுக்கும் குறை, அவர் தங்கை மகனுக்கும் குறை. நடுவில் இருக்கும் அந்தத் தங்கைக்கு நிறம் நன்றாகவே தெரியும் என்றார்கள். ஓங்கு பண்பு என்றால் அவரிடமும் அது தெரிந்திருக்க வேண்டும். அது விலகியது. மாமனின் ஒரே எக்ஸ் அவருடைய மகள்கள் அனைவருக்கும் போயிருக்கும், ஆகவே பையனின் தாய் கடத்துபவர், அதாவது தன்னிடம் குறை தெரியாமலே பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கக்கூடியவர், என்பது உறுதி.

ஆனால் சாதாரண ஒடுங்கு பண்பும் இதே படத்துக்குப் பொருந்துமே என்றாள் மாணவி. நல்ல கேள்வி. அதற்கு இரட்டைக் கோடு இல்லாத கிளையைப் பார்க்க வேண்டும். தாயின் அக்கா அந்நியத்தில் மணந்தவர். அவருடைய இரண்டு மகன்களில் ஒருவனுக்கும் குறை இருந்தது. ஒடுங்கு பண்பு என்றால் அந்த அந்நியக் கணவரும் தற்செயலாகக் கடத்துபவராக இருந்திருக்க வேண்டும். எக்ஸ் வழி என்றால் அவர் பங்கே தேவையில்லை. ஒரு கிளை மட்டும் முடிவான சான்றல்ல. ஆனால் இஷிஹாரா காட்டிய வகையும் இதுவும் ஒரே பக்கம் சாய்ந்தன.

முறைச்சொல்லை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். பையனின் தகப்பன் தன் அத்தை மகளை மணந்திருந்தால் கதை வேறு. அத்தை அவருடைய அப்பாவின் உடன்பிறப்பு, அந்த அப்பாவிடமிருந்து அவருக்கு எக்ஸ் வரவில்லை. அந்த உறவு இந்தக் குறையின் வாய்ப்பைக் கூட்டியிருக்காது. மாமன் மகளோ அதே பாட்டியின் எக்ஸைச் சுமந்து வரக்கூடியவள். ‘கசின்’ என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

இன்னொன்று. நிறக்குருடு பரவலான பண்பு. உறவே இல்லாத மனைவியும் கடத்துபவராக இருக்கலாம், அப்போதும் தகப்பன், மகன் இருவருக்கும் குறை காணப்படும். அரிய நோய்களில் அது நடப்பது மிகக் குறைவு.

வெளியே பதினொரு வயதுத் தங்கை உட்கார்ந்திருந்தாள். பெண்களுக்கு வராது என்று அவளைச் சோதிக்காமலே விட்டிருந்தார்கள். குறையுள்ள தகப்பன், கடத்தும் தாய் என்றால் மகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அட்டையைக் காட்டினேன். அவளும் 21 என்றாள். வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவதில் கவனமில்லை என்று பள்ளியில் இரண்டு வருடமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாளாம். அன்றே அவள் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். வட்டத்துக்குள் கறுப்பை நிரப்பியபோது அவள் எட்டிப் பார்த்து, “இது நானா?” என்று கேட்டாள்.