மூன்றாம் தசமத்தில் மறையும் 280 ரூபாய்

கிருஷ்ணகிரியில் வணிகவியல் மாணவர்களுக்கு நான் நடத்தும் மாலை வகுப்பில், ஒரே கணக்குக்கு இருவர் இரண்டு விடைகளைக் கொண்டுவந்தார்கள். மாங்கூழ் ஆலை ஒன்று 10,50,000 ரூபாய்க்கு ஓர் இயந்திரம் வாங்குகிறது. அதனால் ஐந்து ஆண்டுகளுக்கு, ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும், 2,80,000 ரூபாய் வரும். வருங்கால வரவை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி வீதம் 10 சதவீதம். வரவுகளின் இன்றைய மதிப்பிலிருந்து விலையைக் கழித்தால் வரும் நிகர இன்றைய மதிப்பு என்ன என்பதே கேள்வி. ஒருவர் 11,200 என்றும் மற்றவர் 11,480 என்றும் எழுதியிருந்தார்கள். இருவருமே தங்கள் பாடநூல் அட்டவணையைப் பார்த்துத்தான் போட்டிருந்தார்கள், வழிமுறையில் இருவரிடமும் பிழை இல்லை.

ஓராண்டு கழித்து வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பைக் காண அதை 1.1 ஆல் வகுக்க வேண்டும். இரண்டாண்டு என்றால் இருமுறை வகுக்க வேண்டும். இவ்வாறு கிடைக்கும் எண்ணே தள்ளுபடிக் காரணி. ஐந்து ஆண்டுகளுக்கும் அவை 0.909091, 0.826446, 0.751315, 0.683013, 0.620921 என வரும். அட்டவணையோ மூன்று தசம இடத் திருத்தமாக 0.909, 0.826, 0.751, 0.683, 0.621 என்று தருகிறது. முதல் நான்கிலும் வால் வெட்டப்பட்டு எண் குறைந்திருக்கிறது; ஐந்தாவது மட்டும் மிகச் சிறிதளவு கூடியிருக்கிறது. பெரும்பாலான வீதங்களில் ஏற்றமும் இறக்கமும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். 10 சதவீதத்தில் அந்த ஈடு போதவில்லை: உண்மையான கூட்டுத்தொகை 3.790787 ஆக இருக்க, வெட்டிய எண்களைக் கூட்டினால் 3.790 தான் வருகிறது.

முதல் மாணவர் ஆண்டுவாரியாகப் பெருக்கிக் கூட்டியதால் அவருக்கு 3.790 கிடைத்தது. இரண்டாமவர், ஒவ்வோர் ஆண்டும் ஒரே தொகை வருவதைக் கவனித்து, ஆண்டுத்தொகை அட்டவணையிலிருந்து ஒரே காரணியை எடுத்தார்; அங்கே கூட்டிய பிறகே திருத்தம் செய்யப்படுவதால் அது 3.791. இடைவெளி 0.001, அதை 2,80,000 ஆல் பெருக்கினால் சரியாக 280 ரூபாய். திருத்தமே செய்யாமல் கணக்கிட்டால் விடை ஏறத்தாழ 11,420. இரண்டாமவரின் விடையே அதற்கு நெருக்கமானது, ஏனெனில் அவர் கணக்கில் திருத்தம் ஒரே ஒரு முறைதான் நுழைந்தது.

இத்தகைய வேறுபாடு திருத்தத்தால் வந்ததா, பிழையால் வந்ததா என்று அறிய ஓர் எல்லைக்கோடு உண்டு. வகுப்பில் நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். மூன்று தசம இடத் திருத்தத்தில் ஒரு காரணி அதிகபட்சம் 0.0005 அளவே விலக முடியும். ஆகவே தள்ளுபடி செய்யாத மொத்த வரவான 14,00,000 ஐ 0.0005 ஆல் பெருக்கினால் கிடைக்கும் 700 ரூபாய்தான் இந்தக் கணக்கில் திருத்தப் பிழையின் உச்சம். நம் விடை 11,420 இலிருந்து 220 ரூபாய் விலகினால் அஞ்ச வேண்டியதில்லை. 2,000 ரூபாய் விலகினால் அது திருத்தத்தால் வந்ததல்ல, கணக்கில் எங்கோ பிழை செய்திருக்கிறோம்.

இந்த எல்லைக்கோடு, ஒவ்வொரு காரணியையும் தனித்தனியே திருத்தியவர்களுக்கு மட்டுமே பொருந்தும். அட்டவணை இல்லாதபோது சிலர் முதல் காரணியை 0.91 என்று இரண்டு தசமத்துக்குச் சுருக்கி, அதையே மீண்டும் மீண்டும் பெருக்கி, ஒவ்வொரு படியிலும் மறுபடி சுருக்குகிறார்கள். அப்போது 0.91, 0.83, 0.76, 0.69, 0.63 என வந்து கூட்டுத்தொகை 3.82 ஆகிறது. மொத்த இன்றைய மதிப்பில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழைதான். ஆனால் 10,50,000 ஐக் கழித்தபின் விடை 19,600 ஆக வீங்கி நிற்கிறது. இரண்டு பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணைப் பெறும் இடங்களிலெல்லாம் பிழை இப்படித்தான் பெருத்துத் தெரியும். சாதாரணக் கால்குலேட்டர்கள் பலவற்றில் `1 ÷ 1.1` என்று அழுத்தி, பின் `=` பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் ஐந்து காரணிகளும் திருத்தமின்றி வரிசையாக வரும். சுருக்குவதை இறுதி விடைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வினாத்தாளே காரணிகளைக் கொடுத்திருந்தால், அவை எத்தனை தசமமாக இருந்தாலும், அவற்றையே பயன்படுத்த வேண்டும். கொடுக்காவிட்டால் எத்தனை தசம இடத் திருத்தம் என்று விடையின் தொடக்கத்தில் ஒரு வரி எழுதிவிட வேண்டும்.

திருத்தம் முடிவையே புரட்டும் இடமும் உண்டு. அதே இயந்திரத்தின் விலை 10,61,300 என்று வைத்துக்கொள்வோம். முதல் மாணவருக்கு நிகர இன்றைய மதிப்பு கழித்தல் 100, அதாவது வாங்கக் கூடாது. இரண்டாமவருக்குக் கூட்டல் 180, வாங்கலாம். அத்தகைய விடையில், முதலீடும் வரவின் இன்றைய மதிப்பும் ஏறத்தாழ சமம், திட்டம் 10 சதவீத வருவாயை ஒட்டியே நிற்கிறது என்று எழுதுவதே சரியான முடிவுரை.